மளிகைக் கடைக்கு ஐசி எண் எதற்கு?

பகாவ் பக்கத்துத் தோட்டங்களுக்கு அரிசி, பருப்பு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு மளிகைக் கடை, ஆர்டர் எடுக்கச் செயலி ஒன்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பதிவுப் படிவத்தில் 9 கட்டங்கள்: பெயர், கைப்பேசி எண், ஐசி எண், பிறந்த தேதி, பாலினம், முகவரி, மின்னஞ்சல், வேலை, மாத வருமானம். கடைக்காரருக்குக் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. வேறொரு செயலியின் படிவத்தைப் பார்த்து அப்படியே போட்டிருக்கிறார். கேட்டால், "இருக்கட்டும், பின்னால் உதவும்" என்பார்.

சிக்கல் அந்தப் 'பின்னால்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, வணிகத்துக்காகத் தகவல் திரட்டும் எவருக்கும் 6-வது பிரிவில் ஓர் அளவுகோல் வைக்கிறது. தகவல் அந்த வேலைக்குத் தேவையானதாக இருக்க வேண்டும். தேவைக்கு மிஞ்சியும் இருக்கக் கூடாது. இந்த அளவுகோலை மீறினால் 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம். இந்தத் தண்டனை அளவு 2025 ஏப்ரலில் நடப்புக்கு வந்த திருத்தம்.

கட்டம் கட்டமாகப் பார்ப்போம்

ஒவ்வொரு கட்டத்துக்கும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இது இல்லாவிட்டால் எந்த வேலை நிற்கும்?

கைப்பேசி எண் இல்லாவிட்டால் ஓடிபி அனுப்ப முடியாது, பொருள் வந்துவிட்டது என்று கூப்பிட்டுச் சொல்லவும் முடியாது. அது இருக்கட்டும். பெயர், கூப்பிடும் பெயராக இருந்தாலே போதும். முகவரி பதிவின்போதே வேண்டாம்; முதல் ஆர்டர் போடும்போது கேட்கலாம். அப்போதும் தோட்டத்தின் பெயரும் லாயத்து வீட்டு எண்ணும் தெரிந்தால் வண்டி வந்து சேர்ந்துவிடும்.

மற்றவை? ஓடிபி கைப்பேசிக்குப் போவதால் மின்னஞ்சலுக்கு வேலையில்லை. வேலையும் வருமானமும் தெரிந்தால் அரிசி மூட்டையின் எடை மாறப்போவதில்லை. பிறந்தநாள் தள்ளுபடி தர வேண்டுமா? மாதத்தை மட்டும், விருப்பமுள்ளவர் நிரப்பும்படி கேட்கலாம். ஆக, பதிவுக்கு 2 கட்டங்கள், ஆர்டருக்கு 1. மீதி 6 கட்டங்களையும் எடுத்துவிட்டாலும் கடை நடக்கும்.

ஐசி எண் வெறும் எண் அல்ல

எடுத்துவிட்டவற்றில் மிக ஆபத்தானது ஐசி எண். அதன் 12 இலக்கங்களில் முதல் 6 பிறந்த தேதியைச் சொல்லும். அடுத்த 2 பிறந்த மாநிலத்தைச் சொல்லும். நெகிரி செம்பிலானுக்கு 05. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். அந்தக் கடைப் படிவத்தில் ஐசி எண்ணைக் கேட்டுவிட்டுப் பிறந்த தேதியையும் பாலினத்தையும் தனியே கேட்டது, ஒரே தகவலை இருமுறை வாங்கியதுதான்.

கசிந்த கைப்பேசி எண்ணை மாற்றிக்கொள்ளலாம். ஐசி எண் கடைசிவரை நம்மோடு வரும். 2017-இல் மலேசியாவில் சுமார் 4.6 கோடி கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தது தெரியவந்தது. அவற்றோடு பெயர், முகவரி, ஐசி எண் ஆகியவையும் இருந்தன. போலீஸ் என்றும் வங்கி என்றும் சொல்லிக்கொண்டு பேசும் மோசடிக்காரன் நம் ஐசி எண்ணைச் சரியாகச் சொல்லிவிட்டால், பலர் அந்த இடத்திலேயே நம்பிவிடுகிறார்கள்.

வங்கிக் கணக்கு, மின்பணப்பை, சிம் கார்டு, சேமநிதி போன்றவற்றில் ஆளை உறுதிசெய்ய வேண்டியிருப்பதால் அங்கே ஐசி கேட்பது நியாயம். மளிகைக் கடைக்கு அந்தத் தேவை கிடையாது.

நம் கையில் உள்ள வழிகள்

தகவல் வாங்கும் வணிகர், அது ஏன் வேண்டும், எது கட்டாயம், எது விருப்பம், கட்டாயமானதைத் தராவிட்டால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, தமிழில் இருக்காது. பிள்ளைகளிடம் கொடுத்து, 'wajib' என்று எந்தக் கட்டத்துக்கு எழுதியிருக்கிறது என்று மட்டுமாவது படிக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், என் தகவல் என்னென்ன உங்களிடம் இருக்கிறது என்று எழுதிக் கேட்கலாம். 21 நாளில் பதில் வர வேண்டும். கொடுத்த ஒப்புதலை எழுத்து மூலம் திரும்பப் பெறலாம். வணிகர் அதற்கு இணங்காவிட்டால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் புகார் செய்யலாம். ஆனால் இந்தச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. மோசடியில் பணம் போய்விட்டால் புகார் எழுதிக்கொண்டிராமல் உடனே 997-ஐ அழைக்க வேண்டும்.

கடைக்காரருக்கு இன்னொரு வேலை பாக்கி. படிவத்திலிருந்து கட்டத்தை எடுத்தாலும் பழைய ஐசி எண்கள் எக்ஸெல் கோப்பிலும், பிரதிக் கோப்புகளிலும், வாட்ஸ்அப்பில் வந்த ஐசி படங்களிலும் கிடக்கும். வேலை முடிந்த தகவலை அழித்துவிட வேண்டும் என்பது 10-வது பிரிவு. அவற்றையும் அழித்த பிறகு அந்தச் செயலிக்குள் எவன் புகுந்தாலும், அவன் கையில் கிடைப்பது கூப்பிடும் பெயரும், கைப்பேசி எண்ணும், லாயத்து வீட்டு எண்ணும், யார் வீட்டில் எத்தனை கிலோ அரிசி வாங்கினார்கள் என்பதும்தான்.