காயா, பழமா? பேருந்துக்கு ஒரு சொல் விளையாட்டு

சென்னையிலிருந்து நாகர்கோவில் சுமார் 700 கிலோமீட்டர். பகல் பேருந்தில் ஏறினால் விழுப்புரம் தாண்டுவதற்குள் கொண்டுவந்த வார இதழ் முடிந்துவிடும், திருச்சி வருவதற்குள் போனில் சார்ஜ் இறங்கிவிடும். பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருவர், ஒரு நோட்டு, ஒரு பேனா. இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு தமிழில் ஆடத்தக்க ஒரு சொல் விளையாட்டை எப்படி வடிவமைப்பது?

முதல் நிபந்தனையைப் பேருந்தே விதிக்கிறது. ஓடும் வண்டியில் உடல் நகர்வதைக் காதின் உட்பகுதி உணர்கிறது. தாளையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ எதுவும் நகரவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டால்தான் பலருக்குத் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது. ஆகவே குறுக்கெழுத்துப் போல நெடுநேரம் தாளில் கண் பதிக்கும் ஆட்டம் பேருந்துக்கு ஆகாது. யோசிப்பது ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நடக்க வேண்டும். எழுதுவது நாலு எழுத்தோடு முடிய வேண்டும். டீக்கு வண்டி நின்றால் ஆட்டமும் நிற்க வேண்டும், ஏறியதும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

இதற்கெல்லாம் பொருந்துவது சொல்லை ஒளித்து வைத்துக் கண்டுபிடிக்கும் ஆட்டம். ஆங்கிலத்தில் இது பழையது. மார்டன் ரோசன்ஃபெல்டு 1955-இல் உருவாக்கிய ‘ஜாட்டோ’வில் ஒருவர் ஐந்தெழுத்துச் சொல்லை ஒளிப்பார். மற்றவர் ஒரு சொல்லைச் சொன்னால், இரண்டுக்கும் பொதுவான எழுத்துகள் எத்தனை என்று மட்டும் பதில் வரும். 2021-இல் ஜோஷ் வார்டில் வெளியிட்டு உலகம் முழுக்கப் பரவிய ‘வேர்டில்’ இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் ஆட்டம் படுத்துவிடும். அவர்களுக்கு 26 எழுத்து, நமக்கு 247. ஒளித்த சொல் ‘மஞ்சள்’ என்று வைத்துக்கொள்வோம். எதிராளி ‘பட்டம்’ என்கிறார். ம வேறு, ம் வேறு என்பதால் பொதுவானது எதுவுமில்லை. அடுத்து ‘கம்பளி’ என்கிறார். ளி வேறு, ள் வேறு, மறுபடியும் பூஜ்யம். இப்படி நாலைந்து பூஜ்யம் வாங்கியவர் பேனாவை மூடிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்.

வழி தமிழ் எழுத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. உயிர்மெய் என்பது மெய்யும் உயிரும் சேர்ந்தது. உயிரை ஒதுக்கிவிட்டு மெய்யை மட்டும் ஒப்பிட்டால் 18 மெய்தான். ஆகவே பதிலை இரண்டு வகையாக வைத்துக்கொள்ளலாம். அதே எழுத்து அதே இடத்தில் இருந்தால் பழம். எழுத்தின் மெய் மட்டும் ஒளித்த சொல்லில் எங்காவது, எந்த உயிரோடாவது இருந்தால் காய். சொல் உயிரெழுத்தில் தொடங்கினால், எந்த உயிருக்கும் எந்த உயிரும் காய். பழத்தை முதலில் எண்ண வேண்டும். ஒளித்த சொல்லின் ஓர் எழுத்தை ஒரு முறைக்கு மேல் கணக்கில் சேர்க்கக் கூடாது. இரட்டித்து வரும் மெய் தமிழில் அதிகம் என்பதால் இந்த விதி இல்லாமல் சண்டை வரும்.

இப்போது அதே ‘மஞ்சள்’. ‘பட்டம்’ என்றதும் ஒரு காய்: ம. ‘கம்பளி’ என்றதும் இரண்டு காய்: ம, ள. தேடுபவருக்கு எது எதுவென்று தெரியாது. ஆனால் ப, ட, ம மூன்றில் ஒன்று இருக்கிறது, க, ம, ப, ள நான்கில் இரண்டு இருக்கின்றன என்பது தெரியும். மூன்றாவதாக ‘மக்கள்’ என்று கேட்கிறார். பதில்: இரண்டு பழம், காய் இல்லை. பிடி கிடைத்துவிட்டது.

இந்த இடத்தில் மூன்று பதில்களுக்கும் பொருந்தும் சொற்களைத் தேடினால் மஞ்சள் மட்டும் வருவதில்லை. ‘மங்கல்’ பொருந்துகிறது. ‘வீடுகள்’ கூடப் பொருந்துகிறது. வேண்டுமானால் எழுதிப் பார்க்கலாம். மங்கல் நல்ல போட்டியாளர், இருக்கட்டும். வீடுகளை விட்டால் ஆடுகள், நாடுகள் என்று பன்மை எல்லாம் வரிசையில் வந்து நின்றுவிடும். அதனால் ‘கள்’ சேர்த்த பன்மைக்குத் தடை. வேற்றுமை உருபு ஏறிய சொல்லுக்கும், ஆள் பெயர், ஊர்ப் பெயருக்கும் அப்படியே. அகராதியில் தலைச்சொல்லாக வரும் பெயர்ச்சொல் மட்டும் என்று வைத்துக்கொள்வதே நல்லது. மக்கள் அப்படி வருகிற சொல், அதைக் கேட்டதில் தவறில்லை. ஜன்னல், பஸ் போன்றவற்றை ஏற்பதா என்பதை முதல் சொல்லை எழுதும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

சொல்லின் நீளத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. மூன்றெழுத்து எளிது என்று தோன்றும். உண்மையில் அதுதான் இழுத்தடிக்கும். கட்டு, தட்டு, பட்டு, மட்டு, கொட்டு, கூட்டு, பாட்டு, பூட்டு என்று முதலெழுத்து மட்டும் மாறும் கூட்டம் பெரிது. பின்னிரண்டு எழுத்தும் பழமான பிறகும் முதலெழுத்துக்காக ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போக வேண்டியிருக்கும். நான்கெழுத்தே சரியான அளவு.

அதிலும் வட்டம், சட்டம், திட்டம், தோட்டம், நாட்டம், கட்டம், கூட்டம் என்ற கூட்டம் இருக்கத்தான் செய்கிறது. இங்கே விடையாக இருக்க வாய்ப்பே இல்லாத ஒரு சொல்லைக் கேட்பதுதான் கெட்டிக்காரத்தனம். ‘வந்தனை’ என்று கேட்டால் ஒரே வீச்சில் வ, ந, த மூன்றும் சோதனைக்கு வருகின்றன. பழம் கிடைத்தால் வட்டம். காய் கிடைத்தால் திட்டம், தோட்டம், நாட்டம் மூன்றில் ஒன்று. எதுவும் இல்லையென்றால் சட்டம், கட்டம், கூட்டம். ஏழு சொல் ஒரே கேள்வியில் மூன்றுக்குள் சுருங்கிவிட்டது.

ஆட்டத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தவறான பதில்தான். ஒரு காயை எண்ணத் தவறினால் தேடுபவர் அந்தச் சொல்லை ஒருபோதும் எட்ட மாட்டார். எந்தச் சொல்லும் எல்லாப் பதில்களுக்கும் பொருந்தவில்லை என்ற நிலை வந்தால் எங்கோ பிழை என்று அறியலாம். உடனே தேடுபவர் தன் பட்டியலைப் படிக்க, ஒளித்தவர் ஒவ்வொன்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். இதைக் குறைக்க எளிய ஏற்பாடு ஒன்று: சொல்லை ஒளிக்கும்போதே அதன் கீழே மெய்களைத் தனி வரியாக எழுதிக்கொள்வது. மஞ்சள் என்றால் கீழே ம, ஞ, ச, ள. காயை அந்தக் கீழ்வரியில் எண்ணலாம். வண்டி குலுங்கும்போது முதலில் காணாமல் போவது மெய்யின் புள்ளிதான். எழுத்தைப் பெரிதாக, இடம்விட்டு எழுதினால் புள்ளி பிழைக்கும். அப்படியே அது தொலைந்தாலும் காய்க் கணக்கு மாறாது. பழத்துக்கு மட்டும் கவனம் தேவை.

இருவரும் ஆளுக்கொரு சொல்லை ஒளித்து, மாறி மாறிக் கேட்க வேண்டும். முதலில் கேட்டவர் கண்டுபிடித்துவிட்டால் மற்றவருக்கு இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு. அப்போதுதான் இருவருக்கும் சம எண்ணிக்கை. தவறான பதில் சொன்னது கடைசியில் தெரியவந்தால் அந்த ஆட்டம் எதிராளிக்கு. மூன்று பேர் இருக்கையில் நடுவில் இருப்பவர் சொல்லை ஒளிக்க, இருபுறமும் இருப்பவர்கள் முறை போட்டுத் தேடலாம். ஒருவருக்குக் கிடைக்கும் பதில் மற்றவருக்கும் காதில் விழும் என்பதால் போட்டி இன்னும் சூடாகும்.

முதல் தடவை ஆடுகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே தொடங்குங்கள். பட்டம், கம்பளி போல மெய்கள் கலந்து வரும் இரண்டு தொடக்கச் சொற்களை யோசித்து வைத்துக்கொண்டு ஏறுங்கள்.