பல கை பட்ட மடல், ஒரே குரலில்

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குடியிருப்போருக்கு மின்மடல் போக வேண்டும். செயலாளர் வரைவு எழுதி, கூகுள் டாக்ஸில் நிர்வாகக் குழுவுக்கு அனுப்புகிறார். பொருளாளர், பராமரிப்பு மேற்பார்வையாளர், தலைவர் மூவரும் ஆளுக்கொரு திருத்தம் போடுகிறார்கள். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டால் கிடைப்பது இது:

“வரும் ஞாயிறு நமது குடியிருப்பின் தொட்டி சுத்தம் செய்யப்படவுள்ளது. அன்னைக்கு 10 மணிக்கு மேல தண்ணி வராது, முன்னாடியே பிடித்து வைக்கவும். தாங்கள் வீட்டுக்கு 350 ரூபாய் தவறாது செலுத்த வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம் வசூலிக்கப்படும். அனைவரும் ஒத்துழைப்பு நல்குமாறு அன்புடன் வேண்டுகிறேன்.”

தகவலில் பிழை இல்லை. ஆனால் நான்கு பேர் மாறி மாறிப் பேசுவது கேட்கிறது. முதல் வரி அரசாணை, இரண்டாவது வாசலில் நின்று சொல்லும் சேதி, மூன்றாவதும் நான்காவதும் நோட்டீஸ், ஐந்தாவது மேடைப் பேச்சு. படிப்பவருக்கு எழும் முதல் சந்தேகம் தண்ணீரைப் பற்றியதாக இருக்காது. கட்டணம் கண்டிப்பா, வேண்டுகோளா என்பதாகவே இருக்கும். குரல் மாறினால் சொல்லின் எடையும் மாறிவிடுகிறது.

குரல் எங்கே உடைகிறது என்று கண்டுபிடிக்கத் தமிழில் ஒரு வசதி உண்டு: வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் வரிசையாகப் படித்தால் போதும். செய்யப்படவுள்ளது, வைக்கவும், வேண்டும், வசூலிக்கப்படும், வேண்டுகிறேன். இரண்டில் செய்பவரே இல்லை, ஒன்று ஏவல், கடைசியில் திடீரென்று ‘நான்’ வந்து நிற்கிறது. அடுத்துப் பார்க்க வேண்டியது, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பது. ‘நம் குடியிருப்பு’ என்பது சரி. அது எல்லோருக்கும் உரியது. ‘நாம் முடிவு செய்துள்ளோம்’ என்று எழுதினால், “என்னை யார் கேட்டார்கள்?” என்று ஒருவர் பதில் போடுவார். முடிவு குழுவுடையது என்றால் அங்கே ‘நாங்கள்’தான் வர வேண்டும். தாங்களா நீங்களா என்பதையும் வரைவு சுற்றுக்குப் போகும் முன்பே முடிவு செய்து, மேலே ஒரு வரியில் எழுதிவிடுவது நல்லது.

இணைக்கும் வேலை ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். அவர் திருத்தங்களை ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டே போகக் கூடாது. வரும் திருத்தத்தில் பாதி தகவல், பாதி அதை எழுதியவரின் பேச்சு வழக்கம். தகவலை மட்டும் தனித் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்: தேதி, நேரம், தொகை, கெடு. அதன் பிறகு திருத்தங்களைப் பார்க்காமல் பத்தியைப் புதிதாக எழுத வேண்டும். ஒட்டுப்போடுவதைவிட இது விரைவாகவே முடியும். அப்படி எழுதினால் மடல் இப்படி வரும்:

“15ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நம் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்கிறோம். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை குழாயில் தண்ணீர் வராது. முந்தைய நாள் இரவே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்கான செலவு வீட்டுக்கு 350 ரூபாய். 20ஆம் தேதிக்குள் செலுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு என்றால் 50 ரூபாய் கூடும்.”

முடியும் நேரமும் கெடு தேதியும் முதல் வடிவத்தில் இல்லவே இல்லை. தாளில் குறிக்கும்போதுதான் அந்தக் காலி இடங்கள் கண்ணில் படும். மேற்பார்வையாளரையும் பொருளாளரையும் கேட்டு நிரப்பலாம். கண்டிப்பும் போய்விடவில்லை, 50 ரூபாய் என்ற எண்ணே அதைச் சொல்லிவிடுகிறது.

இரண்டு இடங்களில் இந்த வழி செல்லாது. பொதுக்குழுத் தீர்மானத்தின் வாசகம் என்றால் ஓர் எழுத்தும் மாற்றாமல், தீர்மானம் என்று சொல்லித் தனியாகக் கொடுக்க வேண்டும். பொருளாளர் அபராதம் வேண்டும் என்கிறார், தலைவர் வேண்டாம் என்கிறார் என்றால் அது நடையின் சிக்கல் அல்ல. இருவருக்கும் பொதுவாக மழுப்பி எழுதினால் இருவருமே ஏற்க மாட்டார்கள். தொலைபேசியில் பேசி முடிவு வந்த பிறகே அந்த வரியை எழுத வேண்டும்.

எழுதியதைத் திரும்பச் சுற்றுக்கு விடும்போது, “தகவல் சரியா என்று மட்டும் பாருங்கள், மாலை 6 மணிக்கு அனுப்புகிறோம்” என்று கேளுங்கள். “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் ‘நல்குமாறு’ மறுபடி உள்ளே வந்துவிடும். திருத்தம் தந்த ஒவ்வொருவருக்கும், எதை எடுத்துக்கொண்டோம், எதை ஏன் விட்டோம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். தன் வரி காணாமல் போன காரணம் தெரியாதவர், அடுத்த மடலின் வரைவைத் திறந்தே பார்க்க மாட்டார்.