நத்தார்ச் சோடனைகளை அடுத்த வருடம்வரை காப்பாற்றுவது எப்படி?

திருவருகைக் காலம் தொடங்கிய முதற் கிழமையில், எமது சிற்றாலயத்தின் றங்குப்பெட்டியைத் திறந்தோம். மூடியைத் தூக்கியதுமே பூஞ்சணவாடை முகத்தில் அடித்தது. முதல் வருடம் பாலன் குடிலுக்குப் பரப்பிய வைக்கோல் கறுத்துக் கட்டியாகிக் கிடந்தது. சிவப்புக் கிறேப் கடதாசியின் சாயம் ஊறி, வெள்ளைத் துணியெல்லாம் இளஞ்சிவப்பாகியிருந்தது. சூசையப்பர் சுரூபத்தின் கையைத் தொட்டபோது அது மாவாக உதிர்ந்தது. நட்சத்திரக்கூட்டில் பசை பூசிய இடங்களை மட்டும் ஏதோ ஒன்று அளவெடுத்ததுபோல் அரித்திருந்தது. மின்குமிழ் மாலைகள் நான்கும் ஒரே பந்தாகச் சுற்றிக்கொண்டிருந்தன. இளைஞர்கள் இருவர் அதைப் பிரிக்க ஒரு பின்னேரம் முழுவதும் செலவழித்தார்கள். அதன் பின்னும் இரண்டு மாலைகளே எரிந்தன.

அந்தச் சுரூபங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது ஒரு குடும்பம் தங்கள் உடுப்பு மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தவை. வழியில் கைவிட்ட பொருட்கள் எத்தனையோ. அவ்வளவு தூரம் வந்த ஒன்று, பெட்டிக்குள் சும்மா இருந்தே பழுதானது எல்லோருக்கும் கவலையாயிருந்தது. அதனால் அடுத்த தை மாதம் வேறு விதமாகச் செய்துபார்த்தோம். அதைத்தான் இங்கே எழுதுகின்றோம்.

முதற்பிழை நாம் அடுக்கிய நாளிலேயே இருந்தது. மூன்று இராசாக்கள் திருநாள் தை 6ஆம் திகதி வருகின்றது. அன்று மாலையே குடிலைக் கலைத்துப் பெட்டிக்குள் போட்டுவிடுவது எமது வழக்கம். ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசியில் தொடங்கும் மாரிமழையின் ஈரம் அப்போது முழுதாக விட்டிருப்பதில்லை. மழை நின்றாலும் இரவுப்பனி இருக்கும். கடதாசி, துணி, வைக்கோல், சுண்ணச் சுரூபம் எல்லாம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. கைக்கு உலர்ந்ததுபோல் தெரியும். உள்ளே ஈரம் இருக்கும். நெல்லைப் பார்த்த மாத்திரத்தில் காய்ந்தது என்று சொல்லி விதைக்கு மூடிவைக்கும் விவசாயி யாரும் உண்டா? சோடனையும் அப்படித்தான்.

பெட்டிக்குள் நடப்பது இது. தகரக்கூரையின் கீழோ தறப்பாளின் கீழோ இருக்கும் பெட்டி பகலில் நன்றாகச் சூடேறும். பொருட்களிலுள்ள ஈரம் ஆவியாகி உள்ளேயே சுற்றும். இரவில் முதலில் குளிர்வது தகரமூடி. அந்த ஆவி மூடியின் உட்புறத்தில் துளித்துளியாகப் படிந்து, மேலே இருக்கும் பொருளின்மீது விழும். ஒவ்வொரு நாளும் பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு மழை பெய்கின்றது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பொலித்தீன் பையில் இறுக்கக் கட்டினால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். நன்கு காய்ந்த பொருளுக்கு அது உண்மை. ஈரமான பொருளுக்கு அதுவே பூஞ்சணத்தை வளர்க்கும் பாத்தியாகிவிடும்.

எனவே குடிலைக் கலைத்த அன்று எதையும் மூடிவைக்கவில்லை. ஒரு கொட்டிலில் கயிறு கட்டி, தோரணங்களையும் துணிகளையும் தொங்கவிட்டோம். சுரூபங்களைப் பாயில் நிறுத்தினோம். தொடர்ந்து மூன்று நாள் நல்ல வெயில் எறித்தபின், நான்காம் நாள் மத்தியானம் கழித்து அடுக்கினோம். காலையில் அடுக்கக்கூடாது, அப்போது பனியீரம் இருக்கும். நிறக்கடதாசியை நேர்வெயிலில் போடவும் கூடாது, சாயம் வெளிறிவிடும். நிழலில் காற்றுப்பட்டால் போதும்.

காய்ந்துவிட்டதா என்று அறிய நெல்லுக்குச் செய்யும் உப்புச் சோதனையையே செய்தோம். பக்கற்றில் வரும் தூள் உப்பில் இரண்டு கரண்டி எடுத்துச் சட்டியில் வறுத்து ஆறவிடுங்கள். நன்கு காய்ந்த கண்ணாடிப் போத்தலில் அந்த உப்பைப் போட்டு, கடதாசியையோ துணியையோ சிறு துண்டுகளாக வெட்டி மூன்றில் ஒரு பங்குக்கு நிரப்பி, மூடியை இறுக்கிக் குலுக்குங்கள். நெல்லென்றால் கால்மணி நேரத்தில் தெரியும். கடதாசிக்கு ஓர் இரவு விட்டுப் பார்ப்பது நல்லது. உப்பு போத்தற்சுவரில் ஒட்டினால் அல்லது கட்டிபட்டால் இன்னும் ஈரம் இருக்கின்றது. மணல்போல் உதிர்ந்து ஓடினால் அடுக்கலாம். கல்லுப்பு இதற்குச் சரிவராது. அதிலுள்ள கசப்பு உப்புகள் தாமாகவே ஈரத்தை இழுத்துப் பொய்க்கணக்குக் காட்டும்.

வைக்கோலை எப்படிக் காயவிட்டாலும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் நெல்மணியும் தூசும் எலிக்கும் பூச்சிக்கும் அழைப்பு. மாட்டுக்குப் போட்டுவிடுங்கள், அடுத்த வருடம் புதிது கிடைக்கும். குடிலுக்குள் வைத்த மண், பாசி, கிளைகள் எல்லாம் அவ்வாறே வெளியே போகட்டும்.

சுரூபங்கள் பெரும்பாலும் சுண்ணத்தில் வார்த்தவை. ஈரத்துணியால் துடைத்தால் நிறப்பூச்சின் கீழே நீர் இறங்கி, நாளடைவில் பூச்சு செதிலாக எழும்பும். காய்ந்த மென்துணியாலோ பழைய பெயின்ற் தூரிகையாலோ தூசு தட்டினால் போதும். பத்திரிகைத் தாளில் நேரடியாகச் சுற்றாதீர்கள், அச்சுமை முகத்தில் பதியும். எமது மாதா சுரூபத்தின் கன்னத்தில் இன்றும் அரைச்சொல் ஒன்று இருக்கின்றது. பழைய பருத்திச் சேலைத்துண்டால் சுற்றி, படுக்கவைத்து, தலையும் கையும் ஒன்றோடொன்று முட்டாதபடி இடையில் துணி செருகுங்கள்.

பூச்சிகளைப் பற்றிச் சொல்வதானால், சாப்பாடு இருந்தால்தான் அவை வரும். பழைய புத்தகங்களுள் ஓடும் வெள்ளிநிறப் பூச்சியும் கரப்பானும் தேடுவது கோதுமைமாப் பசையை. எமது நட்சத்திரக்கூட்டில் பசை இருந்த இடம் மட்டும் போனதன் காரணம் அதுதான். ஆகவே கூட்டின் கடதாசியைக் கிழித்து எறிந்துவிட்டு, மூங்கிற் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். மூட்டுகளைப் பசையில்லாமல் நூலால் கட்டினோம். சட்டத்தைப் பெட்டிக்குள் வைக்காமல், விதைச் சோளப்பொத்தியைத் தொங்கவிடுவதுபோல் அடுப்புக்கு மேலே புகைபடத் தொங்கவிட்டோம். மூங்கிலின் கீழே வெள்ளை மாத்தூள் கொட்டிக் கிடந்தால் உள்ளே வண்டு துளைக்கின்றது என்று பொருள். அந்தச் சட்டத்தை எரித்துவிடுங்கள், மற்றவற்றுக்கும் பரவும்.

கறையான் மண்தரைவழியாகவே வருகின்றது. பெட்டியை நான்கு கற்களின்மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அப்போது கறையான் ஏறுவதானால் கல்லின்மீது மண்கூடு கட்டித்தான் ஏறவேண்டும். அது கண்ணுக்குத் தெரியும். மாதத்துக்கு ஒருமுறை குனிந்து பார்த்தால் போதும். காய்ந்த வேப்பிலையைத் துணிப்பையில் கட்டி வைப்பது கொஞ்சம் உதவும். ஆனால் ஏற்கெனவே முட்டையிட்ட பூச்சியை அது அழிக்காது. பச்சை இலை வைத்தால் ஈரத்தை நாமே உள்ளே வைத்ததாகிவிடும். நப்தலீன் உருண்டையை நாம் தவிர்த்தோம். ஒரே கொட்டிலில் குழந்தைகளும் நித்திரை கொள்ளும் இடத்தில் அதன் ஆவி நல்லதல்ல. பிள்ளைகள் இனிப்பென்று வாயில் போட்ட சம்பவங்களும் உண்டு. றெஜிபோமில் செய்த நட்சத்திரங்களையும் அது உருக்கிவிடும்.

இனி மின்குமிழ் மாலை. கழற்றியவுடன் சுருட்டி எறிவதுதான் சிக்கலுக்குக் காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். சுருட்டுவதற்கு முன் கால்மணி நேரம் எரியவிட்டுப் பார்க்கவேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். பழைய வகைச் சிறு குமிழ் மாலைகளில் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருக்கும். 20 குமிழ் கொண்ட மாலையில் 230 வோல்ற் மின்சாரத்தை எல்லாக் குமிழும் பங்கிடும்போது ஒவ்வொன்றுக்கும் 11.5 வோல்ற் கிடைக்கின்றது. எரிந்துபோன குமிழின் ஊடாகவும் மின் பாயும்படி செய்யப்பட்ட மாலைகளில், மூன்று குமிழ் போனாலும் மற்றவை எரியும். ஆனால் மீதி 17 குமிழும் 13.5 வோல்ற் சுமக்கும். அவை பிரகாசமாய் எரிந்து விரைவில் ஒவ்வொன்றாய்ப் போய்விடும். வழக்கத்திலும் பிரகாசமாக எரியும் மாலையைக் கண்டு சந்தோசப்படாதீர்கள். இருண்டிருக்கும் குமிழைத் தேடி, பிளக்கைக் கழற்றியபின், அதே அளவுக் குமிழை மாற்றுங்கள். எலி கடித்து உள்ளே செம்பு தெரியும் வயரை வைத்திருக்கவே வேண்டாம்.

சுற்றுவதற்கு ஓர் அடி நீளமும் எட்டு அங்குல அகலமும் உள்ள தடித்த மட்டை எடுத்தோம். இரு முனைகளிலும் கத்தரியால் சிறு வெட்டுப் போட்டோம். மாலையின் கடைசி முனையை ஒரு வெட்டில் செருகி, அங்கிருந்து தளர்வாகச் சுற்றி, பிளக்கை இறுதியாக மற்ற வெட்டில் செருகினோம். பிளக் வெளியே இருந்தால் அடுத்த வருடம் அவிழ்க்காமலே எரித்துப் பார்க்கலாம். ஒரு மட்டைக்கு ஒரு மாலை மட்டும். இறப்பர் வளையம் போட்டால் வெக்கையில் உருகி வயரில் ஒட்டும், துணி நாடாவால் கட்டுங்கள். வயர் பிளாஸ்ரிக் சுரூபத்தோடோ றெஜிபோமோடோ மாதக்கணக்கில் தொட்டுக்கொண்டிருந்தால் வயரின் எண்ணெய் கசிந்து அதில் கோடு பதியும். அதனால் மட்டைகளைத் தனிப் பிஸ்கட் பேணியில் வைத்தோம். எலிக்கும் அதுவே தடை. பற்றரியில் எரியும் மாலையென்றால் பற்றரிகளைக் கட்டாயம் கழற்றுங்கள், அவை கசிந்தால் தகடு பச்சை பிடித்துவிடும். இப்போது கடைகளில் கிடைக்கும் எல்.ஈ.டி. மாலைகளுக்கும் சுற்றும் முறை இதுதான். ஆனால் அவற்றிற் பலவற்றில் குமிழை மாற்ற முடியாது. வயரைக் கூராக மடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை மூடி ஒரு கிழமை கழித்து, விடியற்காலையில் திறந்து மூடியின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்த்தோம். பிசுபிசுப்பு இருந்தது. மேலே வைத்த மேசைவிரிப்பு ஒன்றுதான் காரணம். அதன் தடித்த ஓரத்தில் ஈரம் நின்றிருக்கின்றது. அதை எடுத்து இரண்டு நாள் காயவிட்டுத் திரும்ப வைத்தோம். அடுத்த கிழமை மூடி காய்ந்திருந்தது. பின்னர் ஆனியிலும் ஐப்பசி மழைக்கு முன்னரும் ஒவ்வொரு முறை திறந்து காற்றாடவிட்டோம்.

ஒரே பெரிய பெட்டியை விட்டு, ஓர் ஆள் தலையில் தூக்கக்கூடிய இரண்டு சிறு பெட்டிகளாகவும் பிரித்தோம். ஒன்றில் சுரூபம், மற்றதில் துணியும் விளக்கும். ஏனென்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூடியின் மேல் உள்ளே இருப்பவற்றின் பட்டியலை எழுதி ஒட்டாமல், கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம்.

மறு மார்கழியில் திறந்தபோது வாடை இல்லை. நான்கு மாலைகளில் ஒரு குமிழ் மட்டும் இருண்டிருந்தது. சூசையப்பரின் கையை ஒருவர் சுண்ணத்தில் புதிதாகச் செய்து ஒட்டினார். மற்றக் கையைவிட அது சற்றுப் பெரிதாகிவிட்டது.