வானிலை முன்னறிவிப்போர்க்குக் கணிதம் எதற்கு?

கிள்ளானில் கல்லூரிக் கல்வி பயிலும் என் பழைய மாணவி ஒருத்தி, மலேசிய வானிலை ஆய்வுத் துறைக்கு எழுதிய மடலைப் பிழைதிருத்த என்னிடம் தந்தாள். முன்னறிவிப்பாளராக எந்தப் பட்டமும் திறனும் வேண்டும், கணிதத்தை விட்டுவிடலாமா என்று அதில் கேட்டிருந்தாள். எழுத்துப்பிழை இரண்டுதான், எனக்குக் கவலை தந்தது அந்தக் கடைசி வரி.

உலக வானிலை அமைப்பு வகுத்த அடிப்படைப் பாடத்திட்டம் கணிதத்தையும் இயற்பியலையும் அடித்தளமாக்கி, வளிமண்டல இயக்கத்தையும் வெப்பவியலையும் அவற்றின்மேல் கட்டுகிறது. பட்டத்தின் பெயர் அதற்குப் பிறகுதான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கிள்ளானில் நண்பகல் வெப்பம் 32 பாகை செல்சியஸ். காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் பனிநிலை 24 பாகை. வேறுபாடு 8. பாகைக்கு ஏறத்தாழ 125 மீட்டர் என்பதால், தரையிலிருந்து எழும் காற்று 1,000 மீட்டர் உயரத்தில் முகிலாகும். அம்முகில் இடிமழையாக வளருமா என்பதோ, அதற்கு மேலுள்ள காற்று உயரத்துக்கேற்ப எவ்வளவு விரைவாகக் குளிர்கிறது என்பதைப் பொறுத்தது. அதனை அளக்கவே காலை 8 மணிக்குப் பலூன் விடுகிறார்கள். ஆனால் பிற்பகலில் மலாக்கா நீரிணையின் கடற்காற்று உள்ளே நுழைந்ததும், காலை அளவு பழையதாகிவிடும். அம்மாற்றத்தை மதிப்பிட்டுக் கணக்கைத் திருத்துவதே முன்னறிவிப்பாளரின் திறன்.

அந்த வரியை அடித்துவிட்டு, பணியில் சேர்ந்தபின் துறை தரும் பயிற்சி எத்தனை திங்கள் என்று கேட்கச் சொன்னேன்.