வீட்டுக் கணக்கு – 14: உடைந்த போனுக்கு இன்னும் எத்தனை மாதம்?

போன வாரம் வாஷிங் மெஷினைப் பார்த்தோம். இந்த வாரம் கைபேசி.

பழுது பார்க்கும் செலவு புது போன் விலையில் பாதிக்குள் இருந்தால் சரி செய்யலாம், பாதியைத் தாண்டினால் புதுசு வாங்கிவிடலாம் என்று ஒரு கணக்குப் பலர் வாயிலும் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சரி செய்த போன் இன்னும் எத்தனை மாதம் உழைக்கும், உடைந்த நிலையிலேயே அதை விற்றால் இன்று கையில் என்ன வரும் என்ற இரண்டு விஷயமும் அந்தக் கணக்கில் கிடையாது. இவை இரண்டையும் சேர்த்துவிட்டால் பல சமயம் முடிவு தலைகீழாகிவிடுகிறது.

எங்கள் வீட்டில் நடந்ததையே எடுத்துக்கொள்கிறேன். ட்யூஷன் எடுக்கும் என் அண்ணியின் போன் மாடிப்படியில் விழுந்தது. அமோலெட் திரை உள்ள ஆண்ட்ராய்டு போன், வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. திரையின் ஓரத்தில் மை கொட்டியதுபோல் ஒரு கறை. இரண்டு நாளில் அது கால்வாசி திரைக்குப் பரவிவிட்டது. கண்ணாடி மட்டும் விரிசல் விட்டு, உள்ளே படம் தெளிவாகத் தெரிந்தால் மேல் கண்ணாடியை மட்டும் மாற்றித் தருகிற கடைகள் உண்டு, செலவும் குறைவு. கறை விழுந்துவிட்டால் உள் பேனலே போய்விட்டது என்று அர்த்தம். கடைக்காரர்கள் 'காம்போ' என்று சொல்கிற, டிஸ்பிளேயும் டச்சும் சேர்ந்த முழுப் பாகத்தையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

"தம்பி, சர்வீஸ் சென்டர்ல 7,800 சொல்றாங்க. புதுசு 20,000-க்கு நல்லதாவே கிடைக்குதே, என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார். பேட்டரியும் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடுகிறது என்றார். திரையைக் கழற்றும்போதே பேட்டரியையும் மாற்றினால் பிரிக்கிற கூலி ஒரு முறையோடு போகும். அதற்கு 1,600. ஆக மொத்தம் 9,400. பாதிக் கணக்குப்படி 10,000-க்குள் வந்துவிட்டது, சரி செய்யலாம்.

நான் முதலில் கேட்டது வேறு: "அண்ணி, இந்த போனுக்கு செக்யூரிட்டி அப்டேட் எதுவரைக்கும் வரும்?"

போனின் மிச்ச ஆயுளை அளக்க வீட்டிலிருக்கிற யாரும் பார்க்கக்கூடிய அளவு இதுதான். ஒவ்வொரு மாடலுக்கும் இத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று கம்பெனி சொல்லியிருக்கும். 2022 மார்ச்சில் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ53-க்கு 5 வருஷம். 2023 அக்டோபரில் வந்த கூகுள் பிக்சல் 8-க்கு 7 வருஷம். இந்த வருஷக் கணக்கு மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. நாம் பில் போட்ட நாளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தள்ளுபடி விலை என்று ஒன்றரை வருஷம் கழித்து வாங்கியவருக்கு அந்த ஒன்றரை வருஷம் ஏற்கெனவே கழிந்துபோயிருக்கும். சாம்சங் போனில் Settings போய், About phone, Software information என்று உள்ளே நுழைந்தால் Android security patch level என்று ஒரு தேதி இருக்கும். பல மாதப் பழைய தேதியாக இருந்து, புது அப்டேட்டும் வராவிட்டால் அந்த போனின் காலம் முடிந்திருக்கலாம். பிறகும் அது ஓடும், பாட்டு கேட்கலாம், படம் பார்க்கலாம். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளில்லாத போனில் வங்கிக் கணக்கையும் யுபிஐயையும் வைத்திருப்பதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

அண்ணியின் போனுக்கு இன்னும் 20 மாதம் இருந்தது.

அடுத்தது விற்பனை விலை. இதில் ஏமாறுவது சுலபம். எக்ஸ்சேஞ்சில் 5,000 தருகிறோம் என்பார்கள். அதில் 3,000 போனஸாக இருக்கும், எந்த ஓட்டை போனைக் கொடுத்தாலும் அது கிடைக்கும். எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் அதே புது போன் பக்கத்துக் கடையில் என்ன விலை என்று கேட்டுக் கழித்துப் பாருங்கள். பழைய போனுக்கு உண்மையில் என்ன தருகிறார்கள் என்று தெரிந்துவிடும். அண்ணியின் போனுக்கு, உடைந்த திரையோடு, கையில் வருவது 2,000. சரி செய்து 20 மாதம் ஓட்டிவிட்டு விற்றால் 3,000 வரும் என்று வைத்துக்கொண்டோம். இன்றைக்கு அதைவிட 20 மாதம் பழைய மாடல்கள் என்ன விலைக்குப் போகின்றன என்று பழைய போன் வாங்கும் தளத்தில் பார்த்தால் இந்த உத்தேசம் கிடைக்கும்.

இப்போது கணக்கு. சரி செய்தால் கையிலிருந்து போவது 9,400. விற்றிருந்தால் வந்திருக்கும் 2,000-த்தையும் விட்டுக்கொடுக்கிறோம், அதுவும் செலவுதான். மொத்தம் 11,400. கடைசியில் திரும்பி வரும் 3,000-த்தைக் கழித்தால் 8,400. இதை 20 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 420 ரூபாய். புது போன் 20,000. நான்கு வருஷம் வைத்திருந்து 3,000-க்கு விற்றால் 17,000 செலவு. 48 மாதத்துக்கு வகுத்தால் மாதம் ஏறக்குறைய 354. பாதிக் கணக்கு 'சரி செய்' என்ற இடத்தில் மாதக் கணக்கு 'மாற்று' என்கிறது.

இதையே திருப்பிப் போட்டால் இன்னும் உபயோகம். 8,400-ஐ 354-ஆல் வகுத்தால் 24 மாதம் வருகிறது. சர்வீஸ் சென்டர் விலைக்குச் சரி செய்தால் அந்த போன் இன்னும் 24 மாதமாவது உழைத்தால்தான் கட்டுபடியாகும். அப்டேட் இருப்பதோ 20 மாதம். ஆகவே அந்த விலைக்கு வேண்டாம்.

அதற்காக உடனே புது போன் வாங்கக் கிளம்பவில்லை. ரிச்சி தெருவில் ஒரு கடைக்குப் போனோம். அங்கே ஒரே போனுக்கு இரண்டு விலை சொன்னார்கள். ஒரிஜினல் காம்போ 5,200, காப்பி 2,800. எதைப் போட்டாலும் பேட்டரிக்கு 1,200.

"காப்பியும் நல்லாத்தான் சார் இருக்கும், நிறைய பேர் அதான் போடுறாங்க" என்றார் மேசையில் இருந்த பையன்.

"டிஸ்பிளேக்குள்ள இருக்கிற ஃபிங்கர்பிரிண்ட் வேலை செய்யுமாப்பா?"

"அது வராது சார். பேட்டர்ன் போட்டுக்கலாம்."

நேர்மையான பதில், அதனாலேயே அந்தக் கடை எனக்குப் பிடித்தது. அமோலெட் போனுக்கு வருகிற விலை குறைந்த காப்பித் திரைகளில் பல, உள்ளபடி எல்சிடி வகை. அமோலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், கறுப்பு வேண்டிய இடத்தில் அணைந்திருக்கும். எல்சிடியில் பின்னாலிருந்து ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த விளக்கு அடுக்கு குறுக்கே நிற்பதால் திரைக்கு அடியிலிருக்கும் விரல் ரேகை சென்சாருக்கு விரல் தெரியாது. பேட்டரியும் சீக்கிரம் தீரலாம். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை: இருட்டான இடத்தில் முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். அமோலெட் என்றால் திரை இருப்பதே தெரியாது, எல்சிடி என்றால் சாம்பல் நிறத்தில் மங்கலாக வெளிச்சம் கசியும். பழைய போன் வாங்குகிறவர்களுக்கும் இது தெரியும், விலையைக் குறைப்பார்கள்.

காப்பி போட்டால் 4,000 செலவு, விட்டுக்கொடுத்த 2,000, கடைசியில் 1,000-தான் திரும்பும். நிகரம் 5,000. 20 மாதம் ஓடினால் மாதம் 250, எல்லாவற்றையும்விட மலிவு. ஒரு வருஷத்தில் டச் போய்விட்டால் அதே 5,000, மாதம் 417 ஆகிவிடும். ஒரிஜினல் காம்போவுக்கு 6,400, விட்டுக்கொடுத்த 2,000, திரும்புவது 2,500 என்று குறைத்தே வைத்தோம். நிகரம் 5,900, மாதம் 295. இது புது போனின் 354-ஐவிடக் குறைவு. 17 மாதம் உழைத்தால் போட்ட பணத்துக்குச் சரியாகிவிடும், இருப்பது 20.

17 மாதம் தாங்குமா என்பதுதான் இனிக் கேள்வி. விழுந்த போனில் திரை மட்டும் அடிபட்டிருக்கிறது என்று யாராலும் வெளியிலிருந்து சொல்ல முடியாது. உள்ளே போர்டு ஆட்டம் கண்டிருந்தால் புதுத் திரை போட்ட பிறகுதான் அது தெரியவரும், பணமும் போய்விடும். அதனால் ஒட்டுவதற்கு முன்னால் திரையைச் சும்மா இணைத்துக் காட்டச் சொன்னேன். பையன் போனைப் பிரித்து, புது காம்போவின் ரிப்பனைப் போர்டில் சொருகி, ஓரமாகச் சாய்த்து வைத்து ஆன் செய்தான். சாம்சங் போன்களில் *#0*# என்று டயல் செய்தால் சோதனைப் பக்கம் திறக்கும். அதில் சிவப்பு, பச்சை, நீலம் என்று திரையை நிரப்பிப் பார்க்கலாம், டச்சையும் ஸ்பீக்கரையும் சோதிக்கலாம். மற்ற போன்களில் கையாலேயே பார்க்க வேண்டியதுதான். ஒரு கால் பேசினோம், இரண்டு கேமராவிலும் படம் எடுத்தோம், வைஃபை பிடித்தோம், சார்ஜர் சொருகிக் கால் மணி நேரம் வைத்தோம். போர்டுப் பக்கம் கை வைத்தால் அசாதாரணச் சூடு இல்லை. அதற்குப் பிறகே ஒட்டச் சொன்னோம்.

இந்தச் சோதனையில் போன் தானாக அணைந்து எழுந்திருந்தாலோ, நெட்வொர்க் வந்து வந்து போயிருந்தாலோ அங்கேயே நிறுத்தியிருப்பேன். போர்டில் ஐசி மாற்றுகிற வேலைக்குப் பெரும்பாலான கடைகள் உத்தரவாதம் தருவதில்லை. அந்த போனுக்கு 20 மாதம் என்று கணக்குப் போடுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. உள்ளேயுள்ள போட்டோக்களை மீட்க மட்டும் அந்த வேலையைச் செய்யலாம்.

ஒன்றை மட்டும் இழந்தோம். பின்மூடியைத் திறந்து மறுபடி ஒட்டிய போனுக்குப் பழைய தண்ணீர்ப் பாதுகாப்பு இருக்காது. மழையில் நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணிக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

விற்கத் தீர்மானிப்பவர்களுக்கு: திரை முழுக்கச் செத்துவிட்டால் கூகுள் கணக்கை அந்த போனிலேயே நீக்க முடியாது. கணக்குப் பூட்டோடு இருக்கும் போனுக்கு விலையே கிடைக்காமல் போகலாம். கறை பரவத் தொடங்கிய அன்றே, டச் கொஞ்சம் வேலை செய்யும்போதே, படங்களை வேறு இடத்தில் சேமித்து, கணக்குகளை நீக்கி, போனை ரீசெட் செய்துவிடுங்கள். சரி செய்பவர்கள் பில்லில் 'ஒரிஜினல் காம்போ' என்பதையும், எத்தனை மாத உத்தரவாதம் என்பதையும் எழுதி வாங்குங்கள். பில் போடாத கடை சொல்லும் விலையை இந்தக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.