லாக்டோமீட்டரில் 28 என்றால் என்ன? பாலின் அடர்த்தியை அளப்பதும், அந்த அளவு சொல்லாமல் விடுவதும்

புனே: புனே மாவட்டத்தின் கிராமப்புறப் பால் சேகரிப்பு மையங்களில், மாலை நேரத்தில் கேன்களுடன் வரிசையில் நிற்கும் விவசாயிக்கு அன்றைய வருமானத்தை முடிவு செய்வது இரண்டு எண்கள். ஒன்று பாலின் கொழுப்புச் சதவீதம். மற்றொன்று எஸ்.என்.எஃப். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் கொழுப்பற்ற திடப்பொருள்களின் சதவீதம். மகாராஷ்டிர அரசு 2023ஆம் ஆண்டு பசும்பாலுக்கு லிட்டருக்கு 34 ரூபாய் என்று குறைந்தபட்சக் கொள்முதல் விலையை அறிவித்தபோதும், அது 3.5 சதவீதம் கொழுப்பும் 8.5 சதவீதம் எஸ்.என்.எஃப்.பும் உள்ள பாலுக்கான விலையாகவே அறிவிக்கப்பட்டது. அந்த அளவுக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் விலையில் பிடித்தம் உண்டு. எவ்வளவு பிடிப்பது என்பது அம்மாநிலப் பால் விவசாயிகளுக்கும் தனியார் பால் நிறுவனங்களுக்கும் இடையே நீண்டகாலமாகத் தொடரும் பூசல்.

இந்த இரண்டாவது எண்ணை நேரடியாக அளக்கும் எளிய கருவி எதுவும் இல்லை. அது லாக்டோமீட்டர் காட்டும் அடர்த்தியிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுகிறது. மீயொலியில் இயங்கும் மின்னணுப் பகுப்பாய்வுக் கருவிகள் பல மையங்களுக்கு வந்துவிட்டபோதிலும், அவற்றின் அளவில் ஐயம் எழும்போது ஒப்பிட்டுப் பார்க்க இன்றும் எடுக்கப்படுவது இந்தக் கண்ணாடிக் கருவிதான்.

கீழே ஈயக் குண்டுகளால் எடையேற்றப்பட்ட குமிழ், மேலே மெல்லிய தண்டு, தண்டினுள் எண்கள் அச்சிட்ட காகிதச் சுருள்: லாக்டோமீட்டரின் அமைப்பு அவ்வளவே. அடர்த்தி மிகுந்த திரவத்தில் அது உயர்ந்து மிதக்கும். அடர்த்தி குறைந்ததில் ஆழ்ந்து மூழ்கும். ஆகவே அளவுகோலின் சிறிய எண்கள் மேலேயும் பெரிய எண்கள் கீழேயும் இருக்கும். 28 என்று காட்டினால் பாலின் ஒப்படர்த்தி 1.028 என்று பொருள். அதாவது தண்ணீரை 1,000 என்று கொண்டால் அதே கொள்ளளவுப் பாலின் எடை 1,028. பாலில் பத்தில் ஒரு பங்கு தண்ணீரானால், இந்த 28 என்ற எண்ணும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்து 25 அளவுக்கு வரும். நீர்க் கலப்பைக் கண்டறியும் கருவி என்று அது பெயர் பெற்றது இதனால்தான்.

அளவைப் படிப்பதில் பிழை நேரும் இடங்கள் பல. கறந்த உடனேயே அளக்கக் கூடாது. நுரையும் நுண்ணிய காற்றுக் குமிழ்களும் பாலில் தங்கியிருப்பதாலும், கொழுப்பு இன்னும் உருகிய நிலையில் இருப்பதாலும், அப்போது அளவு சற்றுக் குறைவாகவே காட்டும். கேனில் மேலே ஆடை திரண்டிருந்தால் முழுவதையும் நன்றாகக் கலந்த பிறகே மாதிரி எடுக்க வேண்டும். மேலிருந்து அள்ளிய பாலில் கொழுப்பு மிகுந்திருக்கும். அது அளவைக் குறைத்துக் காட்டும். உயரமான குழல்ஜாடியில் பாலை நுரை எழாமல் சாய்வாக ஊற்றி, விளிம்பு வரை நிரப்பி, லாக்டோமீட்டரை மெதுவாக விட வேண்டும். அது ஜாடியின் சுவரைத் தொடாமல் மிதந்து அசைவற்று நிற்கும் வரை பொறுத்திருந்து, கண்ணைப் பாலின் மட்டத்துக்குக் கொண்டுவந்து படிக்க வேண்டும். தண்ணீரில் படிக்கும்போது வளைந்த மேற்பரப்பின் அடிப்பகுதியைப் பார்ப்பது பள்ளியில் கற்றுத் தரப்படும் பழக்கம். பால் ஒளி ஊடுருவாத திரவம் என்பதால், தண்டை ஒட்டி ஏறி நிற்கும் விளிம்பின் மேற்பகுதியே இங்கு படிக்கப்படுகிறது.

பாலின் வெப்பநிலையை அளக்காமல் படித்த எண் முழுமையற்றது. சூடேறினால் பால் விரிவடைந்து அடர்த்தி குறைகிறது. குளிர்ந்தால் சுருங்கி அடர்த்தி கூடுகிறது. ஆகவே ஒவ்வொரு லாக்டோமீட்டரும் குறிப்பிட்ட ஒரு வெப்பநிலைக்கென அளவிடப்பட்டிருக்கும். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வாழ்ந்த மருந்தாளுநர் கெவென் பெயரால் வழங்கும் பழைய வகை, 60 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 15.5 டிகிரி செல்சியஸுக்கு உரியது. இந்தியத் தரநிலைப்படி செய்யப்படும் கருவி 27 டிகிரி செல்சியஸுக்கு உரியது. பால் அந்த வெப்பநிலையைவிட ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக இருந்தால் படித்த எண்ணுடன் சுமார் 0.2 கூட்ட வேண்டும்; ஒரு டிகிரி குளிர்ந்திருந்தால் அதே அளவைக் கழிக்க வேண்டும். இவ்வாறு திருத்திய எண்ணே கணக்குக்குச் செல்லும் எண்.

இந்தத் திருத்தத்தின் பண மதிப்பை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். மாலையில் கறந்து மையத்துக்கு வந்த பசும்பாலின் வெப்பநிலை 31 டிகிரி, 27 டிகிரிக்கு உரிய கருவியில் படித்த எண் 28, கொழுப்பு 3.5 சதவீதம் என்று கொள்வோம். நான்கு டிகிரி கூடுதல் சூட்டுக்கு 0.8 சேர்த்தால் திருத்திய எண் 28.8 ஆகும். இந்தக் கருவிக்குப் பரவலாகக் கையாளப்படும் சூத்திரம் இது:

எஸ்.என்.எஃப். = (திருத்திய எண் ÷ 4) + (0.25 × கொழுப்பு) + 0.44

இதன்படி 7.2, 0.875, 0.44 ஆகியவற்றைக் கூட்டினால் 8.515 கிடைக்கும். அதாவது 8.5, முழு விலைக்குத் தகுதியான பால். வெப்பமானியை எடுக்காமல் 28ஐ அப்படியே கணக்கில் போட்டால் விடை 8.3. பால் மாறவில்லை, மாடும் மாறவில்லை. விவசாயிக்கு இரண்டு புள்ளிகள் போய்விடுகின்றன.

பிழை எதிர்த் திசையிலும் நிகழும். புனேயின் குளிர்கால அதிகாலையில் வீட்டு வாசலில் காத்திருந்து 20 டிகிரிக்குக் குளிர்ந்த பால் 29 என்று காட்டலாம். திருத்தினால் அது 27.6 மட்டுமே. திருத்தாவிட்டால் 8.2 என்று வர வேண்டிய எஸ்.என்.எஃப். 8.6 ஆகத் தோன்றும். நீர் சேர்ந்த பால் தேறிவிடும். மேலும், பாகைக்கு 0.2 என்ற விதி அளவிடப்பட்ட வெப்பநிலைக்கு அருகில்தான் நம்பத்தக்கது. குளிர்விப்புத் தொட்டியில் 4 டிகிரியில் இருக்கும் பாலுக்கு அதைப் பொருத்தக் கூடாது. அந்தக் குளிரில் கொழுப்பு இறுகிவிடுவதால் அடர்த்தி வேறு விதமாக மாறுகிறது. அத்தகைய பாலை 40 டிகிரி வரை சூடாக்கிக் கலக்கி, பிறகு 27 டிகிரிக்குக் கொண்டுவந்து அளப்பதே முறை.

கருவியையும் சூத்திரத்தையும் மாற்றிப் பொருத்துவது இதைவிடப் பெரிய குழப்பம் தரும். 27 டிகிரி கருவியைக் கையில் வைத்துக்கொண்டு 15.5 டிகிரி கருவிக்குரிய திருத்தத்தைச் செய்தால், மேற்சொன்ன மாலைப் பாலுக்கு 0.8க்குப் பதிலாக மூன்றுக்கும் மேல் சேர்ந்துவிடும். சூத்திரத்தின் இறுதியில் வரும் 0.44 என்ற மாறிலியும் எல்லா இடங்களிலும் ஒன்றல்ல. கருவி எந்த வெப்பநிலைக்கு உரியது என்பது தண்டினுள் உள்ள காகிதத்தில் அச்சிடப்பட்டிருக்கும். எந்தக் கருவி, எந்தச் சூத்திரம் என்று மையத்தில் கேட்டறிவது விவசாயியின் நியாயமான உரிமை. ரசீதில் இறுதி எண் மட்டும் இருந்தால் கணக்கைச் சரிபார்க்க வழியில்லை.

இவ்வளவு கவனத்துடன் பெற்ற எண்ணும் ஒன்றை மட்டுமே சொல்கிறது: பாலின் அடர்த்தி. அந்த அடர்த்தி எதனால் வந்தது என்பதை அது சொல்லாது. பாலில் கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது. லாக்டோஸ், புரதம், தாது உப்புகள் ஆகியவை அடர்த்தியைக் கூட்டுபவை. எனவே கொழுப்பை எடுத்தால் எண் உயரும், நீரைச் சேர்த்தால் தாழும். 6.5 சதவீதக் கொழுப்பும் 29 என்ற அளவும் உள்ள எருமைப் பாலிலிருந்து ஆடையைப் பிரித்துக் கொழுப்பை 3.5 ஆக்கினால் எண் 33 வரை ஏறும். பிறகு மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு தண்ணீராகும் வரை நீர் ஊற்றினால் எண் மீண்டும் 29க்கே வந்து நிற்கும். இரட்டை மோசடிக்குப் பிறகு லாக்டோமீட்டர் காட்டுவது தொடக்கத்தில் காட்டிய அதே எண். கொழுப்புச் சோதனையையும் சேர்த்துச் செய்தால்தான் குட்டு வெளிப்படும்.

நீரோடு சர்க்கரை, மாவுச்சத்து, உப்பு, யூரியா போன்றவற்றைச் சேர்த்து அடர்த்தியை ஈடுகட்டினாலும் கருவி ஏமாறும். அவற்றுக்குத் தனித்தனி வேதிச் சோதனைகள் தேவை. மாவுச்சத்துக்கு அயோடின் துளி நீல நிறம் காட்டும். சர்க்கரைக்கு அமிலமும் ரெசார்சினாலும் சேர்த்துச் சூடாக்கினால் செந்நிறம் தோன்றும்.

எண் குறைந்தால் நீர் கலந்தது உறுதி என்பதும் தவறு. மடிவீக்க நோய் கண்ட மாட்டின் பாலில் லாக்டோஸ் குறைகிறது. கடும் கோடையும் தீவனப் பற்றாக்குறையும் எஸ்.என்.எஃப்.பைக் கீழே இழுக்கின்றன. நேர்மையான விவசாயி மீது பழி விழுவது இந்த இடத்தில்தான். இதைத் தீர்க்க ஆய்வகத்தில் பாலின் உறைநிலை பார்க்கப்படுகிறது. மாட்டின் இரத்தத்தோடு சமநிலையில் சுரப்பதால் பாலின் உறைநிலை பூஜ்யத்துக்கு அரை டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாகக் கீழே, அதிகம் மாறாமல் நிற்கும். நீர் சேர்ந்தால் அது பூஜ்யத்தை நோக்கி நகரும். தீவனக் குறைவால் அவ்வாறு நகராது.

மூலப் பாலின் அளவு முன்பே பதிவாகியிருக்கும்போதுதான் லாக்டோமீட்டர் மிகுந்த பயன் தருகிறது. தமிழகத்தில் 2014 ஆகஸ்டில் திண்டிவனம் அருகே, ஆவின் பால் ஏற்றிச் சென்ற டேங்கர் லாரியிலிருந்து பாலைத் திருடித் தண்ணீர் கலந்தது பிடிபட்டது. புறப்பட்ட இடத்தில் குறித்த எண்ணையும் சேர்ந்த இடத்தில் படித்த எண்ணையும் ஒரே வெப்பநிலைக்குத் திருத்தி ஒப்பிடுவது, அத்தகைய எளிய நீர்க் கலப்புக்கு எதிரான முதல் தடை.

உடல்நலத்தைப் பொறுத்தவரை இக்கருவி முற்றிலும் மௌனமானது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019 அக்டோபரில் வெளியிட்ட தேசியப் பால் ஆய்வில் 6,432 மாதிரிகள் சோதிக்கப்பட்டன. ஹைட்ரஜன் பெராக்சைடு, சோப்புத்தூள், யூரியா போன்ற கலப்படத்தால் பாதுகாப்பற்றவை எனக் கண்டறியப்பட்டவை 12 மட்டுமே. ஆனால் பூஞ்சை பிடித்த தீவனத்திலிருந்து பாலுக்கு வரும் அஃப்லாடாக்சின் எம்1 என்ற நச்சு, அனுமதித்த அளவைத் தாண்டி 368 மாதிரிகளில் இருந்தது. அவற்றில் 88 தமிழகத்தைச் சேர்ந்தவை. இந்த நச்சும், மாட்டுக்குச் செலுத்திய எதிர்உயிரி மருந்தின் எச்சமும் பாலில் மிக நுண்ணிய அளவிலேயே இருப்பவை. அடர்த்தியில் அவை ஒரு கோட்டளவு மாற்றத்தைக்கூட ஏற்படுத்துவதில்லை. கிருமிகள் பெருகிய பாலும் திரியும் வரை 28 என்றே காட்டும். வீட்டுக்கென லாக்டோமீட்டர் வாங்கிப் பாக்கெட் பாலைச் சோதிப்போர், கொழுப்பு நீக்கிய பாலில் எண் உயர்ந்தும் கொழுப்பு மிகுந்த பாலில் தாழ்ந்தும் இருப்பது இயல்பே என்பதை அறிந்து, அந்தந்த வகைப் பாலோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். அதுவும் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே அல்ல.