தகரக் கூம்புக்கு எவ்வளவு தகரம்?

தட்டையான ஒரு தகரக் கூம்பு செய்ய வேண்டும். அடி அகலம் 24 செ.மீ., நடுவில் உயரம் 5 செ.மீ. அடிப்பக்கமும் தகரத்தாலேயே மூடியிருக்க வேண்டும். மொத்தம் எவ்வளவு தகரம் பிடிக்கும்?

அகலம் 24 என்றால் ஆரம் 12. அடித்தட்டு வெறும் வட்டம்தான். 3.14 × 12 × 12 என்று பெருக்கினால் 452.16 சதுர செ.மீ. அதில் சிக்கல் ஏதுமில்லை. சரிந்து இறங்கும் மேல்பக்கத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கையில் இருப்பது ஆரமும் உயரமும், ஆகவே π × ஆரம் × உயரம் என்று போட்டுவிடுகிறார்கள். விடை 188.4 வருகிறது. இதை நம்பினால், அடியை மூட 452 சதுர செ.மீ. தகரம் வேண்டும், அதே வட்டத்தின்மேல் கூரை கவிழ்க்க 188 போதும் என்றாகும். தட்டையான மூடியின் நடுவைத் தூக்கிவிட்டால் தகரம் கூடுதலாகப் பிடிக்குமே ஒழியக் குறையாது. கணக்கு எங்கோ தவறியிருக்கிறது.

கூம்பின் பக்கத்தை விளிம்பிலிருந்து உச்சிவரை நேராக வெட்டி விரித்துப் பாருங்கள். ஒரு துண்டு வெட்டியெடுத்த வட்டம்போல, வட்டக்கோணப்பகுதி ஒன்று கிடைக்கும். அதன் ஆரம் எது? உச்சியிலிருந்து விளிம்புவரை சரிவோடு ஓடும் தூரம், அதாவது சாயுயரம். கூம்புக்குள் செங்குத்தாக நிற்கும் 5 செ.மீ. உயரம் இந்தத் தகரத்தின்மேல் எங்குமே கிடையாது. பிறகு எப்படி அதைக்கொண்டு தகரத்தை அளப்பது?

ஆனால் சாயுயரத்தைக் கண்டுபிடிக்க அந்த உயரம் வேண்டும். உயரமும் ஆரமும் கூம்பின் உள்ளே செங்கோணத்தில் சந்திக்கின்றன; சாயுயரம் அந்த முக்கோணத்தின் கர்ணம். பிதாகரஸ் தேற்றப்படி 12-இன் வர்க்கம் 144, 5-இன் வர்க்கம் 25, கூட்டினால் 169, வர்க்கமூலம் 13. வர்க்கமூலத்தை மறந்துவிட்டு 169 என்றே எழுதுபவர்களும், வர்க்கம் எதற்கென்று 12-ஐயும் 5-ஐயும் கூட்டி 17 என்பவர்களும் உண்டு. சாயுயரம் எப்போதும் ஆரம், உயரம் இரண்டையும்விடப் பெரிதாகவும், அவற்றின் கூடுதலைவிடச் சிறிதாகவும் இருக்கும். 13 அந்தச் சோதனையில் தேறுகிறது.

விரித்த தகரத்தின் வளைந்த ஓரம் அடிவட்டத்தின் சுற்றளவேதான்: 2 × 3.14 × 12 = 75.36 செ.மீ. வட்டக்கோணப்பகுதியின் பரப்பு, வில்லின் நீளத்தையும் ஆரத்தையும் பெருக்கியதில் பாதி. 75.36-ஐ 13-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 489.84. பாடநூலில் πrl என்று எழுதுவது இதைத்தான். சுற்றளவில் உள்ள 2-உம் பாதியாக்கும்போது வரும் 2-உம் அடிபட்டுப் போகின்றன. வளைபரப்பு இப்போது அடித்தட்டைவிடச் சற்றே பெரிது. இவ்வளவு தட்டையான கூம்புக்கு அப்படித்தான் இருக்க வேண்டும்.

இரண்டையும் கூட்டினால் மொத்தப் புறப்பரப்பு 942 சதுர செ.மீ. πr(l + r) என்ற சூத்திரத்தில் நேராகப் போட்டாலும் 3.14 × 12 × 25, அதே 942.

சாயுயரம் எப்போதும் முழு எண்ணாக அமையாது. ஆரம் 5, உயரம் 10 என்றால் 125-இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 11.18. அதை அப்போதே 11 என்று சுருக்கினால் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய 3 சதுர செ.மீ. காணாமல் போகும். தசமங்களைக் கடைசிவரை வைத்திருந்து, விடையில் சுருக்கலாம். உச்சி நடுவில் இல்லாமல் ஒருபக்கமாகச் சாய்ந்த கூம்புக்கு மட்டும் இந்த வழி உதவாது. அங்கே விளிம்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் சரிவின் நீளம் மாறிக்கொண்டே இருக்கும்.